நாடி சோதனம் என்றதும் கையை நீட்டாதீர்கள்

யோகா வகுப்புக்குப் புதிதாக வந்த பெரியவர் ஒருவரிடம், “அடுத்து நாடி சோதனம் பண்ணப் போறோம் ஐயா” என்று சொல்லிப் பாருங்கள். அவர் மணிக்கட்டைத் திருப்பி உங்கள் முன் நீட்டினால் சிரிக்க வேண்டாம். அவருக்குத் தெரிந்த தமிழில் நாடி என்பது வைத்தியர் மூன்று விரல் வைத்துப் பார்ப்பது. சோதனை என்பது பரிசோதனை. இரண்டையும் சேர்த்தால் நாடி பார்க்கப் போகிறார்கள் என்றுதான் பொருள் வரும். வைத்தீசுவரன்கோயில் பக்கத்துக்காரராக இருந்தால் ஏடு பார்த்துச் சோதிடம் சொல்லப் போகிறார்கள் என்றுகூட நினைக்கலாம்.

அதே வகுப்பில் பக்கத்துப் பாயில், தமிழ் தெரியாத இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு வகுப்புகளில் இந்தக் கலவை இப்போது சாதாரணம். அவருக்கு ‘நாடி சோதனம்’ என்பது வெறும் ஒலி. ஆசிரியர் ஆங்கிலத்தில் ‘ஆல்டர்நேட் நாஸ்ட்ரில் பிரீத்திங்’ என்றதும் மூக்கை மாற்றி மாற்றி மூச்சு விடப் போகிறோம் என்று புரிந்துகொள்வார். குழப்பமே இல்லை.

யோகா சொற்களைத் தொடக்கநிலை வகுப்புக்குத் தமிழில் சொல்வதில் உள்ள சிக்கல் இதுதான். ஆங்கிலக்காரருக்கு வடமொழிச் சொல் ஒரு காலிப் பாத்திரம். ஆசிரியர் ஊற்றுவது மட்டுமே அதில் இருக்கும். தமிழர் கொண்டுவரும் பாத்திரம் ஏற்கெனவே பாதி நிறைந்திருக்கிறது. நூற்றாண்டுகளாக வடசொற்கள் தமிழில் புழங்கி, நம் வாயில் வேறு வேறு பொருள்களுக்கு நகர்ந்துவிட்டன. ‘எல்லாம் நமக்குத் தெரிந்த சொல்தானே’ என்று ஆசிரியர் விளக்காமல் கடந்துபோகும் இடத்தில்தான் மாணவர் தவறாகப் புரிந்துகொள்கிறார்.

சோதனம் என்பதற்கு வடமொழியில் தூய்மை செய்தல் என்று பொருள். ஹட யோக நூல்கள் உடலுக்குள் எழுபத்திரண்டாயிரம் நாடிகள் ஓடுவதாகச் சொல்கின்றன. அவை பிராணன் செல்லும் வழிகள். அந்த வழிகளைத் துப்புரவாக்கும் பயிற்சி என்பதால் இந்தப் பெயர். பல தமிழ் ஆசிரியர்கள் சோதனத்தை விட்டுவிட்டு ‘நாடி சுத்தி’ என்கிறார்கள். சுத்தம் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அது சற்றுப் பரவாயில்லை. எழுத்தில் மட்டும் பார்ப்பவருக்கு ஆணி அடிக்கும் சுத்தி நினைவுக்கு வந்தால் அதற்கு மருந்தில்லை. ஆனால் இரண்டு பெயருமே என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதைச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் சொல்கின்றன. முதல் நாள் மாணவருக்கு வேண்டியது செய்முறை. இந்த ஒரு பயிற்சியில் ஆங்கிலப் பெயர்தான் உருப்படியானது. தமிழில் ‘மூக்கு மாற்றி மூச்சு’ என்று சொல்லலாம். கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் வேலை செய்கிறது.

இனி, எல்லாப் பெயர்களுக்கும் அடியில் இருக்கும் ஆசனம் என்ற சொல்லுக்கு வருவோம். உட்காருதல் என்ற வினையிலிருந்து பிறந்தது அது. பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆசனத்தைப் பற்றிப் பேசும் இடம் மிகச் சிறியது. அசையாமலும் சுகமாகவும் இருப்பதுதான் ஆசனம் என்பது அதன் சாரம். தியானத்துக்கு உட்காரும் முறையைத்தான் அந்த நூல் மனத்தில் வைத்திருக்கிறது. நிற்பது, வளைவது, தலைகீழாக நிற்பது எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் பரவியது பின்னால் வந்த ஹட யோக மரபில்.

தமிழில் ஆசனம் என்றால் இன்றைக்கும் உட்காரும் இடம்தான். அரியாசனம் என்கிறோம். மருத்துவத்தில் ஆசனவாய் என்கிறோம். தனித்தமிழில் ‘இருக்கை’ என்று பெயர்க்கிறார்கள். பழைய, அழகான சொல்; மூலப்பொருளுக்கும் மிக அருகில் நிற்கிறது. ஆனால் இருக்கை என்றதும் பேருந்தின் சீட் நினைவுக்கு வரும் காலம் இது. தவிர, ஒற்றைக் காலில் நிற்கும் ஒருவரிடம் ‘மர இருக்கை’ என்றால் நாற்காலியைத் தேடுவார். ஆங்கிலத்தில் சொல்லும் ‘போஸ்’ என்பதற்கும் ஒரு வில்லங்கம் உண்டு. அது புகைப்படத்துக்கு நிற்பதைப் போன்ற ஒரு நினைப்பைத் தருகிறது. வகுப்பில் பலர் படத்தில் உள்ளதைப் போல வருகிறதா என்று பக்கத்துப் பாயைப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். என் தேர்வு ‘நிலை’. நின்றாலும் இருந்தாலும் கிடந்தாலும் அது பொருந்தும். நிலைத்திருத்தல் என்ற பொருளும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் பயிற்சிப் பெயர்களின் கடைசியில் ஆசனம் என்றே விட்டுவிடுவது நல்லது. அதை யாரும் இப்போது பிரித்துக் கேட்பதில்லை.

பெயர்களை முழுக்க மாற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. சென்னையில் கற்றவர் சிங்கப்பூரில் ஒரு வகுப்புக்குப் போனாலும், புத்தகத்தில் தேடினாலும், வடமொழிப் பெயர்தான் பொது முகவரி. பி.கே.எஸ். அய்யங்கார் 1966-இல் வெளியிட்ட ‘லைட் ஆன் யோகா’ ஒவ்வொரு ஆசனத்தையும் வடமொழிப் பெயரால் வரிசைப்படுத்தி, அந்தப் பெயரின் பொருளையும் விளக்கியது. உலகம் முழுக்க ஆசிரியர்கள் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள்.

ஆனால் பொது முகவரியிலும் இரண்டு வீடு உண்டு என்பதற்கு தாடாசனம் சாட்சி. அய்யங்கார் மரபில் ‘தாட’ என்றால் மலை. இரண்டு பாதங்களையும் சேர்த்து, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு நேராக நிற்பது. ஆங்கிலத்தில் ‘மவுண்டன் போஸ்’. பீகார் யோகப் பள்ளியின் மரபில் அதே பெயர் பனை மரத்தைக் குறிக்கும். அங்கே கைகளை மேலே நீட்டி, குதிகாலைத் தூக்கி, கால் விரல்களில் எம்பி நிற்க வேண்டும். சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு என்பதால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் முழங்கால் தேய்ந்த அறுபது வயதுக்காரருக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு மாறி வந்தவர், ஆசிரியர் ‘தாடாசனம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், தடுமாறி எம்பி நிற்பார். ‘மலை போல நிற்பது’, ‘பனை போல எம்புவது’ என்று ஒரு சொல் கூடச் சேர்த்தால் போதும்.

பெயர்கள் தமிழ்க் காதில் விழும்போது நடக்கும் விபத்துகளில் சில வேடிக்கையானவை. அர்த்த என்ற முன்னொட்டு பல பெயர்களில் வரும். பாதி என்று பொருள். அர்த்தநாரீசுவரரில் வரும் அர்த்தம்தான் இது. ஆனால் ‘இதுக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்கும்போது வரும் சொல்லையும் நாம் அப்படியே எழுதுகிறோம். கால்களை மடித்துப் பாதங்களைச் சேர்த்து உட்காரும் பத்தகோணாசனத்தில் ‘பத்த’ என்றால் கட்டப்பட்ட என்று பொருள். தமிழ் எழுத்தில் படிப்பவர் பத்துக் கோணம் என்று எண்ணத் தொடங்கலாம். குப்புறப் படுத்து ஓய்வெடுக்கும் மகராசனத்தில் வரும் மகரம் முதலையைக் குறிக்கும். கேட்பவர் மனத்தில் வருவதோ மகராசன். ராசா மாதிரிப் படுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாலும் நட்டமில்லை. படுக்கும் முறை என்னவோ அப்படித்தான் இருக்கும்.

சவாசனம் வேடிக்கையில்லை. வகுப்பின் கடைசியில் மல்லாந்து படுத்து, கைகால்களை அகல விட்டு, அசையாமல் கிடப்பது. சவம் என்ற சொல்லுக்குத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் அது வசவும்கூட. வீட்டில் அண்மையில் துக்கம் நடந்த ஒருவரைப் படுக்கவைத்து, “சவம் மாதிரிக் கிடங்கம்மா” என்று சொல்வதை எண்ணிப் பாருங்கள். ஹட யோகப் பிரதீபிகை இதே பெயரைத்தான் தருகிறது. நூலுக்கு அது சரி. ஆங்கில வகுப்புகளிலும் ‘கார்ப்ஸ் போஸ்’ என்பதைத் தவிர்த்து ‘ஃபைனல் ரிலாக்சேஷன்’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். தமிழில் சாந்தி ஆசனம் என்ற பெயரும் வழக்கில் உண்டு. எனக்குப் பிடித்தது வேதாத்திரி மகரிசி வைத்த பெயர். தம் எளியமுறை உடற்பயிற்சி வரிசையின் கடைசிப் பகுதிக்கு அவர் ‘உடல் தளர்த்துதல்’ என்று பெயரிட்டார். கைப்பயிற்சி, கால்பயிற்சி, கண்பயிற்சி, உடல் தேய்த்தல் என்று அந்த வரிசையில் பெரும்பாலான பெயர்கள் செய்ய வேண்டியதையே சொல்கின்றன. படிப்பறிவு குறைந்தவரும் கேட்டவுடன் செய்துவிடக்கூடிய பெயர்கள் அவை.

பெயர்களில் ஆங்கிலம் முந்திக்கொள்ளும் இன்னோர் இடம் சர்வாங்காசனம். ‘எல்லா உறுப்புகளும்’ என்று பொருள். உடம்பு முழுக்க நன்மை என்பது பெயரின் நோக்கம். ஆங்கிலத்தில் ‘ஷோல்டர் ஸ்டாண்ட்’, அதாவது தோளில் நிற்பது. உடம்பின் பாரம் தோள்களில் இறங்க வேண்டும், கழுத்தில் இறங்கக் கூடாது என்ற எச்சரிக்கை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. தமிழில் ‘தோள் நிலை’ என்று சேர்த்துச் சொன்னால் அதே பாதுகாப்பு கிடைக்கும். தொடக்க வகுப்பில் இந்த ஆசனமே வேண்டாம் என்பது வேறு விஷயம்.

பெயரைத் தாண்டிவிட்டால் உண்மையான மொழிபெயர்ப்பு வேலை தொடங்குகிறது. அது வினைச்சொற்களிலும் உடலுறுப்புப் பெயர்களிலும் இருக்கிறது. பச்சிமோத்தானாசனத்தை எடுத்துக்கொள்வோம். கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது. பச்சிமம் என்றால் மேற்கு. சூரியனைப் பார்த்துக் கிழக்கு நோக்கி உட்கார்ந்தால் முதுகுப்புறம் மேற்காக இருக்கும். அதனால் குதிகாலிலிருந்து பிடரி வரை உடலின் பின்பக்கம் முழுவதும் பச்சிமம். அதை நன்றாக நீட்டுவது உத்தானம். அருமையான பெயர், ஒரு முறை விளக்கிவிட்டால் மாணவர்கள் மறப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘சீட்டட் ஃபார்வர்ட் பெண்ட்’. உட்கார்ந்து முன்குனிதல், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ஆசிரியர் சொல்லும் முக்கியக் குறிப்பு, ‘ஹிப்’பிலிருந்து குனியுங்கள், ‘வெயிஸ்ட்’டிலிருந்து குனியாதீர்கள் என்பது. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் நம்மிடம் இருப்பது இடுப்பு என்ற ஒரே சொல். குழந்தையை வைத்துக்கொள்ளும் இடம் இடுப்பு, சேலை செருகும் இடம் இடுப்பு, கீழ்முதுகில் வலித்தாலும் இடுப்பு வலி. “இடுப்பிலிருந்து குனிங்க” என்றால் மாணவர் கீழ்முதுகை வளைத்துக் குனிகிறார். தவிர்க்கச் சொன்ன அதே தவறு, சொல்லின் வழியாகவே வந்துசேர்கிறது. முதுகெலும்புத் தட்டில் ஏற்கெனவே கோளாறு உள்ளவருக்கு இது வலியில் போய் முடியும்.

இதற்குத் தமிழில் தனிச் சொல் தேட வேண்டியதில்லை. இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். நான் பார்த்த நல்ல ஆசிரியர்கள் இப்படிச் சொல்வார்கள்: “உட்கார்ந்தா தொடையும் அடிவயிறும் சேர்ற எடத்துல ஒரு மடிப்பு விழுது பாருங்க. ரெண்டு உள்ளங்கை விளிம்பையும் அந்த மடிப்புல வைங்க. கை நசுங்குற மாதிரி அங்கேருந்து முன்னாடி சாயுங்க. நெஞ்சு முன்னாடி போகட்டும், தலை கடைசியா வரட்டும்.” இதைக் கேட்ட மாணவர் இடுப்பெலும்பைச் சாய்க்கிறார், முதுகு நீளமாகவே இருக்கிறது. தொடையின் பின்பக்கத் தசை இறுகியவருக்கு அங்கிருந்து இரண்டு அங்குலம்கூடச் சாய முடியாது. அவருக்கு மடித்த போர்வை ஒன்றை உட்காரும் எலும்புகளுக்கு அடியில் வைக்க வேண்டும். முழங்கால்களைச் சற்று மடித்துக்கொள்ளவும் சொல்ல வேண்டும். சரியாக வருகிறதா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: “எங்க இழுக்குது?” தொடையின் பின்பக்கம் என்றால் சரி. கீழ்முதுகு என்றால் பாதி தூரம் எழுந்துவிட வேண்டும். கால்விரலைத் தொடுவது இந்த ஆசனத்தின் இலக்கே இல்லை.

கால், கை என்ற சொற்களிலும் இதே கவனம் வேண்டும். நாம் தொடை தொடங்கி விரல் வரை எல்லாவற்றையும் கால் என்போம். “காலைத் தூக்குங்க” என்றால் ஒருவர் பாதத்தை மட்டும் தூக்குவார், இன்னொருவர் முழுக்காலையும் தூக்குவார். பாதம், கணுக்கால், முழங்கால், தொடை என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. சொல்லும் பழக்கம்தான் குறைவு.

அடுத்த கண்ணி ‘ஹோல்ட்’. ஆசனத்தில் நிலைகொள்ளும் நேரத்தில் இருமொழி வகுப்பு ஆசிரியர்கள் “ஹோல்ட், ஹோல்ட்” என்பார்கள். நிலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். மாணவர்கள் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சுப் பயிற்சியிலும் இதே சொல் மூச்சை நிறுத்துவதற்கு வருவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. தமிழில் “நிறுத்துங்க” என்றாலும் அதே கதிதான். முகம் சிவந்து, தாடை இறுகி, ஆசனத்திலிருந்து வெளிவரும்போது புஸ்ஸென்று காற்று வெளியேறினால் அவர் மூச்சை அடக்கியிருந்தார் என்று அறியலாம். “அப்படியே இருங்க, மூச்சு பாட்டுக்குப் போய் வரட்டும்” என்று நீட்டிச் சொல்வதில் நான்கு சொல் கூடுதல் செலவு. இரத்த அழுத்தக்காரருக்கு அது அவசியமான செலவு.

மூச்சைப் பற்றிய நம் வினைச்சொற்களோ தனிக் கதை. மூச்சு விடு என்றால் தமிழில் சுவாசித்தல் முழுவதையும் குறிக்கும். “நல்லா மூச்சு விடுங்க” என்று ஆசிரியர் சொல்லும்போது அவர் வெளிமூச்சை நினைக்கிறார். பாதி வகுப்பு நெஞ்சு நிறையக் காற்றை உள்ளே ஏற்றிக்கொள்ளும். மூச்சு வாங்கு என்றாலோ இரைப்பது, மாடிப்படி ஏறினால் வருவது. மூச்சை இழு என்று சொன்னால் புதியவர் உறிஞ்சுகிறார். மூக்கில் சத்தம், கழுத்து நரம்பு புடைப்பு, தோள் காதுவரை ஏறுதல். ஆஸ்துமாவுக்கு இழுப்பு என்ற பெயர் இருப்பதும் இந்தச் சொல்லுக்கு உதவவில்லை. சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம், “மூச்சை உள்ளே எடுங்க”, “மெதுவா வெளியே விடுங்க” என்ற இரண்டுதான். உள்ளே, வெளியே என்ற சொற்களை எந்தச் சுற்றிலும் விடக் கூடாது. ஆங்கிலத்திலும் ‘இன்ஹேல்’, ‘எக்ஸ்ஹேல்’ இரண்டும் அவசரத்தில் ஒன்றுபோலக் கேட்கும். ‘பிரீத் இன்’, ‘பிரீத் அவுட்’ என்பது பாதுகாப்பு.

இப்போது பிராணாயாமம். இந்தச் சொல்லைப் பிரிப்பதிலேயே இரண்டு வழி உண்டு. பிராணன் என்பதோடு யமம் என்ற சொல்லைக் கண்டால் அடக்குதல். ஆயாமம் என்ற சொல்லைக் கண்டால் நீட்டித்தல், விரித்தல். ஆங்கிலத்தில் ‘பிரீத் கன்ட்ரோல்’ என்றும் தமிழில் மூச்சடக்கம் என்றும் வந்தவை முதல் வழி. யோக சூத்திரம் உள்மூச்சு, வெளிமூச்சு ஆகியவற்றின் ஓட்டத்தை நிறுத்துவதைப் பற்றிப் பேசுவதால் அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் தொடக்க வகுப்பில் அடக்கம் என்ற சொல்லைக் கேட்டவர் முதலில் செய்வது மூச்சைப் பிடிப்பதுதான். நீட்டித்தல் என்று கேட்டவர் மூச்சை மெதுவாக்குகிறார். முதல் சில மாதங்களுக்கு நமக்கு வேண்டியது இரண்டாவது. பிராணன் என்ற சொல்லுக்கும் வகுப்பில் ஒரு வரி விளக்கம் தேவை. “பிராணன் போகுது” என்று நாம் சொன்னால் உயிர் போகிறது என்று பொருள். நூல்கள் சொல்லும் பிராணன் மூச்சையும் கடந்த உயிராற்றல். மூச்சு அதன் வெளித்தெரியும் கைப்பிடி.

திருமூலருக்கு இந்தச் சொல்லாக்கத் தயக்கமே இருக்கவில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம், ஆசனம் என்று எட்டு உறுப்புகளையும் வடசொற்களாலேயே குறித்துவிட்டு, விளக்கத்தைத் தமிழில் தருகிறார். பூரகம், கும்பகம், இரேசகம் என்ற மூன்றுக்கும் அவர் வழங்கும் அளவு புகழ்பெற்றது: இடது மூக்கால் 16 மாத்திரை உள்ளே ஏற்றி, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை வெளியேற்றுவது. இங்கே மாத்திரை என்பது கால அளவு. மருந்துக்கடை மாத்திரையை நினைத்துக்கொண்டு யாரும் வர மாட்டார்கள் என்று நம்புவோம். ஒரு மாத்திரையை ஒரு நொடி என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 112 நொடி ஆகும். அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சு நின்றிருக்கும். பாடலைப் படித்துவிட்டு வீட்டில் தனியாக முயல்பவர்களை எல்லா ஆசிரியர்களும் சந்தித்திருப்பார்கள். அந்த அளவு முறையாகப் பழகியவருக்குச் சொன்னது.

முதல் வாரத்து மாணவருக்கு மூக்கு மாற்றி மூச்சு எப்படிச் சொல்லித்தரப்படுகிறது என்று பார்ப்போம். முதுகு நேராக, தரையிலோ நாற்காலியிலோ உட்காரலாம். வலது கையின் பெருவிரல் வலது மூக்குத்துளைக்கு, மோதிர விரல் இடது மூக்குத்துளைக்கு. நடுவிலுள்ள இரண்டு விரல்களை மடித்துக்கொள்ளலாம்.

“பெருவிரலால வலது பக்கம் லேசா மூடுங்க. இடது பக்கமா மூச்சை உள்ளே எடுங்க, மனசுக்குள்ள நாலு எண்ணுங்க. இப்போ மோதிர விரலால இடது பக்கம் மூடி, பெருவிரலை எடுத்துட்டு, வலது பக்கமா வெளியே விடுங்க, ஆறு எண்ணுங்க. அதே வலது பக்கமா உள்ளே எடுங்க. மாத்தி மூடுங்க. இடது பக்கமா வெளியே விடுங்க.” இது ஒரு சுற்று. ஐந்து சுற்று போதும். நடுவில் மூச்சை நிறுத்துவது இல்லை.

எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: எப்போது பக்கம் மாற்றுவது? வெளியே விட்டதும் மாற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஒரு மூக்கால் எப்போதும் உள்ளே, இன்னொன்றால் எப்போதும் வெளியே என்று ஆகிவிடும். ‘உள்ளே எடுத்த பிறகுதான் மாற்றம்’ என்ற ஒரு வரியை மாணவர் மனப்பாடம் செய்துகொண்டால் மீதியை விரல்கள் பார்த்துக்கொள்ளும். இந்த வரிக்கு வடமொழிப் பெயர் கிடையாது, ஆங்கிலப் பெயரும் கிடையாது; ஆனால் வகுப்பில் அதிகம் பயன்படுவது இதுதான்.

அளவு கூடிவிட்டதற்கு அடையாளங்கள் தெளிவானவை. வெளியே விட்டு முடித்ததும் அடுத்த மூச்சை ஆவலாகப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தால் எண்ணிக்கை நீளம். நாலு-ஆறை மூன்று-நாலாகக் குறைக்க வேண்டும். உதட்டிலோ விரல் நுனியிலோ மதமதப்பு, தலைசுற்றல் வந்தால் அதிகமாகக் காற்றை வாங்கி வெளியேற்றுகிறார் என்று பொருள். கையை இறக்கிவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் சரியாகிவிடும். சளி பிடித்து ஒரு பக்கம் அடைத்திருக்கும் நாளில் இதைச் செய்யவே வேண்டாம்.

கடைசியாகக் கபாலபாதி. தமிழில் பெரும்பாலும் கபாலபதி என்று எழுதுகிறோம்; அப்படி எழுதினால் கபாலத்தின் தலைவன் என்றாகிவிடுகிறது. மூலச்சொல்லில் உள்ள ‘பாதி’ ஒளிர்தல். மண்டையோட்டை ஒளிரச் செய்வது என்பது முழுப்பெயரின் பொருள். ஆங்கிலத்தில் ‘ஸ்கல் ஷைனிங் பிரீத்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார்கள். அதைக் கேட்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. செய்ய வேண்டியது, அடிவயிற்றைச் சட்டென்று உள்ளிழுத்துக் காற்றை மூக்கால் வெளியே தள்ளுவது. உள்மூச்சு தானாக வந்துவிடும். ஹட யோகப் பிரதீபிகை இதைப் பிராணாயாமத்தில் சேர்க்கவே இல்லை. நேதி, தௌதி முதலான ஆறு உடல்தூய்மைச் செயல்களில் ஒன்றாக வைக்கிறது. ஆனால் பல வகுப்புகளில் இது மூச்சுப் பயிற்சி என்ற பொதுப் பெயரில் முதல் நாளே வந்துவிடுகிறது. கருவுற்றவர்களும், உயர் இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ குடலிறக்கமோ உள்ளவர்களும், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களும் இதைச் செய்யக் கூடாது. மூச்சுப் பயிற்சிதானே என்று அவர்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். உங்களுக்கு இவற்றில் ஏதேனும் இருந்தால், வகுப்பில் சேரும் நாளிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அவர் ஒரு புதிய பெயரைச் சொல்லும்போதெல்லாம், “இதில் நான் என்ன செய்யணும், யாருக்கு இது ஆகாது?” என்று தயங்காமல் கேளுங்கள்.